நன்கொடை வரும் என்று நம்பி இன்னிசைக் குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரைப் புறநகரில் 160 வீடுகள் உள்ள ஒரு நகர் எங்களுடையது. குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பொங்கலை ஒட்டி வரும் ஒரு ஞாயிறுதான் எங்கள் ஆண்டு விழா: காலையில் சமத்துவப் பொங்கல், பிறகு கோலப்போட்டி, குழந்தைகள் விளையாட்டு, மதியம் சாப்பாடு, மாலையில் மேடை. போன வருடம் வீட்டுக்கு 500 ரூபாய் கேட்டோம், 112 வீடுகள் கொடுத்தன. ஒரு கடைக்காரர் 25,000 தருவதாகச் சொன்னதை நம்பி இன்னிசைக் குழுவுக்கு 30,000 பேசிவிட்டோம். அவர் கொடுத்தது 10,000. மொத்தச் செலவு 97,000 ஆகி, 31,000 ரூபாய் பொருளாளர் கைக்காசிலிருந்து போனது. அதை இன்னும் திருப்பித் தரவில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட போலீஸ் அனுமதி முதல் நாள் இரவு 8 மணிக்குத்தான் கிடைத்தது. வாட்ஸப் குழுவில் 40 பேர் கட்டை விரலைக் காட்டினார்கள், விடிகாலையில் வந்தவர்கள் ஆறு பேர். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இந்த முறை வீட்டுக்கு 600 வைக்கலாம் என்று இருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
— சங்கச் செயலாளர், மதுரை

பதில்: வரவிலிருந்து தொடங்குங்கள். செலவுப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான சங்கங்களில் கூட்டம் கூடியதும் "இந்த வருஷம் என்னென்ன வைக்கலாம்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அரை மணி நேரத்தில் பட்டியல் ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிடும். அப்புறம் அதற்குப் பணம் தேடுவார்கள். உங்கள் பொருளாளரின் 31,000 அப்படித்தான் போயிருக்கிறது.

600 ரூபாய் என்றால் 160 வீட்டுக்கு 96,000 என்று கணக்குப் போடாதீர்கள். போன வருடம் கொடுத்தவர்கள் 112 வீடு. தொகையைக் கூட்டியதால் சிலர் பின்வாங்குவார்கள், எனவே 105 என்று வையுங்கள். வரவு 63,000. இதில் 6,000 ரூபாயை யாரும் தொடக் கூடாத கையிருப்பாக ஒதுக்கிவிட்டால், செலவுக்கு 57,000. கடைக்காரர்கள் தரப்போகும் நன்கொடைக்கு இந்தத் தாளில் இடம் கிடையாது. வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் அது வரவு.

இந்த 57,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். பந்தல், சின்ன மேடை, நாற்காலிக்கு 14,000. சவுண்டு, லைட், ஜெனரேட்டருக்கு 11,000. சாப்பாட்டுக்கு 18,200. பானை, அரிசி, வெல்லம், கரும்பு, விறகுக்கு 5,000. பரிசுகளுக்கு 6,000. துப்புரவு, முதலுதவிப் பெட்டி போன்ற சில்லறைக்கு மிச்சம் 2,800. உங்கள் பக்கத்து விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், மூன்று இடத்தில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் மொத்தம் 57,000-ஐத் தாண்டக் கூடாது. ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும்.

இதில் இன்னிசைக் குழு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக இன்னொரு தாள் எடுத்து, "பணம் வந்தால் மட்டும்" என்று தலைப்பிட்டு, அதில் எழுதுங்கள். இன்னிசைக் குழு, சீரியல் விளக்குத் தோரணம், வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சப்பை என்று ஆசைப்பட்டதை எல்லாம் அங்கே வரிசையாகப் போடலாம். விழாவுக்கு மூன்று வாரம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, பொருளாளர் பாஸ்புக் பதிவைக் கூட்டத்தில் காட்ட வேண்டும். அடிப்படைச் செலவு போக அதில் 30,000 கூடுதலாக இருந்தால் இன்னிசைக் குழு உண்டு. 29,000 இருந்தால் இல்லை. அன்றோடு அந்தப் பட்டியலை மூடிவிட வேண்டும். தை பிறக்கும் நேரத்தில் பந்தல்காரருக்கும் சவுண்டு சர்வீஸ்காரருக்கும் நிற்க நேரம் இருக்காது. அதற்குப் பிறகு பேசினால் விலையும் ஏறும், கொடுத்த அட்வான்ஸும் பெரும்பாலும் திரும்பாது.

கடைக்காரர்களிடம் கேட்கிற முறையையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "விழாவுக்கு ஏதாவது செய்யுங்க" என்றால், செய்கிறேன் என்பார்கள், மறந்தும்விடுவார்கள். "நாற்காலி வாடகை 4,000 ரூபாய், வாடகைக் கடைக்காரருக்கு நீங்களே நேராகக் கொடுத்துவிடுங்கள்" என்றால் இருக்கிறது அல்லது இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பதிலுக்கு அவர் பெயரை மேடைத் திரையிலும் அழைப்பிதழிலும் போடலாம், மைக்கிலும் சொல்லலாம். தெருமுனையில் பேனர் வைப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு மாநகராட்சி அனுமதி தனியாக வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண் இறந்தார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அதிகாரிகள் கையெழுத்துப் போடத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

வசூலுக்கும் காலம் உண்டு. தீபாவளி முடிந்த கையோடு போனால் வீட்டில் காசு இருக்காது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள், சம்பளம் வந்த சூட்டோடு போங்கள். ஜனவரிச் சம்பளத்தை நம்பினால் மேலே சொன்ன ஞாயிறு தாண்டிவிடும். தெருவுக்கு இருவராக, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்துடன், மாலை 6 மணிக்கு மேல் போனால் வீட்டில் ஆள் இருப்பார்கள். க்யூஆர் கோடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும். யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் சரி. ரசீதிலேயே "சாப்பிட வருபவர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு கட்டம் அடித்துவிடுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அனுமதிக்கு வருவோம். முதல் நாள் இரவு வரை ஏன் இழுத்தது என்பதற்குக் காரணம் எளிது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி என்று மேல்மட்டத்தில்தான் ஒலிபெருக்கிக்கு அனுமதி தரும் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மனு கொடுப்பது ஸ்டேஷனில். அங்கே விசாரித்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, கையெழுத்தாகித் திரும்பி வர வேண்டும். அந்த இடத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம் இல்லையென்றால் மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும். தெருவை அடைப்பதாக இருந்தால் தெரு மாநகராட்சியுடையது, எனவே மண்டல அலுவலகக் கடிதம் வேண்டும். போக்குவரத்தைத் திருப்ப வேண்டும் என்றால் போக்குவரத்துப் போலீஸும் வருவார்கள். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது.

ஆகவே, எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நகருக்குள் காலி மனை ஏதாவது இருக்கும். உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை. "இந்தத் தேதியில், இத்தனை மணி நேரத்துக்கு, சங்கத்தின் விழாவுக்கு என் மனையைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வரி ரசீது நகலுடன் அனுப்பினால் போதும். மாநகராட்சி, போக்குவரத்து என்ற இரண்டு படிகள் கழிந்துவிடும். தார் ரோட்டில் குழி தோண்டிக் கம்பு நட்டு, அதற்கு ஒரு சண்டை வருவதும் மிச்சம். முள்ளும் புதரும் வெட்ட ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகை ஆகும், அவ்வளவுதான். காலி மனையே இல்லை, தெருதான் என்றால் நவம்பரிலேயே மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள். பந்தல் கால்களை மண் நிரப்பிய டிரம்மில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் நுழைகிற அகலத்துக்கு ஒரு பக்கம் வழி விடுங்கள்.

போலீஸ் மனுவைச் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதுங்கள். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பெட்டி ஸ்பீக்கர் எத்தனை, பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் செல் எண்ணும், கையால் வரைந்த ஓர் இட வரைபடம் ஆகியவை போதும். கூம்பு ஒலிபெருக்கி வைப்பதில்லை என்று நீங்களே எழுதிவிட்டால் ஒரு கேள்வி குறையும். டிசம்பர் முதல் வாரத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒருமுறை ஒரே ஆள் போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஆள் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ஒலிபெருக்கி விஷயத்தில் விழாக் குழுக்கள் அடிக்கடி மறப்பது காலை நேரத்தை. இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை 6 மணிக்கு முன்னால் போடக் கூடாது என்பதும் அதே விதிதான். விடிகாலை 5 மணிக்குப் பக்திப் பாட்டு வைத்தால் கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்காரர் 100-க்கு அடிப்பார், அது அவருடைய உரிமை. பக்கத்தில் மருத்துவமனையோ பள்ளியோ நீதிமன்றமோ இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் இடம் பார்க்கும்போதே அளந்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு கேட்கலாம். ஒரு நாள் விழா என்றால் ஜெனரேட்டரே போதும், நான் போட்ட கணக்கில் அதுதான் இருக்கிறது. தெருக் கம்பத்தில் கொக்கி போடுவது மின்திருட்டு. பந்தல்காரர் "எல்லாரும் செய்யறதுதான் சார்" என்பார், விட்டுவிடாதீர்கள். மேடை வளைவையும் தோரணக் கம்பையும் தலைக்கு மேல் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். பந்தலுக்கு இடம் குறிக்கும் அன்றே மேலே அண்ணாந்து பார்க்கிற வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பொங்கல் அடுப்புகளைப் பந்தல் துணிக்கு வெளியே, திறந்த வெளியில் வையுங்கள். இரண்டு வாளி மணலும் ஒரு டிரம் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டில்தான் பட்ஜெட் அதிகம் ஆடும். பந்தல் வாடகை முன்னாலேயே தெரிந்த தொகை. எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது தெரியாத தொகை. சமையல்காரர் இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார். முழு விருந்து வேண்டாம். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், சாம்பார், சட்னி, ஒரு வடை என்று வைத்து 11 மணிக்கே பரிமாறினால் காலையும் மதியமும் ஒன்றாகிவிடும், இலை 70 ரூபாய்க்குள் அடங்கும். 105 வீட்டுக்கு 260 இலை என்று வைத்ததுதான் அந்த 18,200. ஆனால் 260 என்பது என் ஊகம். ரசீதில் அடித்த கட்டத்தைக் கூட்டினால் உங்களுக்குச் சரியான எண் கிடைக்கும். சமையல்காரரிடம் குறைந்தபட்ச எண்ணிக்கையாக 220 மட்டும் ஒப்புக்கொண்டு, முந்தைய வெள்ளிக்கிழமை மாலை இறுதி எண் சொல்வதாகப் பேசுங்கள். பரிமாறி முடிந்ததும் எச்சில் இலையை எண்ணித்தான் பணம் என்று சில சமையல்காரர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் எண்ணும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சமையல்காரரின் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன அளவில் தொழில் செய்பவருக்கு அந்தப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், எனவே இல்லை என்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் பொங்கல் வாரத்தில் விலை ஏறும். மொத்தக் கடையில் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

இனி அந்த 40 கட்டை விரல்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. "விழாவுக்கு யார் யார் உதவுவீர்கள்?" என்ற கேள்விக்குக் கட்டை விரல்தான் பதில், ஏனென்றால் அதில் நேரமும் இல்லை, வேலையும் இல்லை. நேரில் போய், "ஞாயிறு காலை 5.30-லிருந்து 8 வரை அடுப்புப் பக்கம் நீங்களும் உங்க மச்சானும், சரியா?" என்று கேளுங்கள். முடியாது என்பவர் அங்கேயே சொல்லிவிடுவார், நீங்களும் வேறு ஆளைப் பார்க்கலாம்.

ஐந்து குழுக்கள் போதும்: வரவு செலவு, அனுமதி, இடமும் பந்தலும், சாப்பாடு, நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். இருவர் பெயர் இருந்தால் ஒருவர் இன்னொருவர் செய்திருப்பார் என்று இருந்துவிடுவார். செயலாளரான நீங்கள் எந்தக் குழுவுக்கும் பொறுப்பாளர் ஆகாதீர்கள். அனுமதிக்குப் பகலில் அலைய முடிகிற, பணி ஓய்வு பெற்ற ஒருவர் பொருத்தமானவர். நிகழ்ச்சிகளைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். அரையாண்டுத் தேர்வு முடியும் வரை பள்ளிக் குழந்தைகள் ஒத்திகைக்கு வர மாட்டார்கள், அந்த லீவு நாட்களை மட்டுமே நம்பி அவர்கள் திட்டம் போட வேண்டும். கோலத்தையும் பாத்திரம் கழுவுவதையும் தானாகவே பெண்கள் தலையில் கட்டுகிற வழக்கம் உங்கள் நகரில் இருந்தால், இந்த வருடம் பாத்திரத்துக்குக் கூலி ஆள் வையுங்கள். சில்லறைக் கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒவ்வொரு வேலைக்கும் அரைப்பக்கச் சீட்டு ஒன்று எழுதிக் கையில் கொடுங்கள். நாற்காலிச் சீட்டு இப்படி இருக்கலாம்: "சனி மாலை 4 மணிக்கு வேன் வரும். 200 நாற்காலி. இறக்கும்போதே எண்ணி, உடைந்தவற்றை டிரைவர் முன்னால் தனியாக வைத்துப் படம் எடுக்கவும். டெலிவரி நோட்டில் அந்த எண்ணிக்கையை எழுதிய பிறகே கையெழுத்து. ஞாயிறு இரவு 9 மணிக்குப் பத்துப் பத்தாக அடுக்கி, எண்ணி ஏற்றவும். குறைந்தால் உடனே பந்தல் பொறுப்பாளருக்குப் போன்." இது அற்பமாகத் தெரியும். ஆனால் நாலு நாற்காலி காணோம், மூன்று உடைந்திருக்கிறது என்று பில்லில் ஏற்றுவது வாடகைக் கடைகளில் சாதாரணம். வரும்போதே உடைந்திருந்ததா என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாவில் பழைய உடைசல் நாற்காலிகளுக்கெல்லாம் பணம் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். டெலிவரி நோட்டில் வாட்ச்மேன் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கலுக்கு முந்தைய ஞாயிறே நல்லது. பொங்கலன்று பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பிந்தைய ஞாயிறு திரும்பி வந்த களைப்பில் இருப்பார்கள்.

கடைசியாகப் பொருளாளரின் 31,000. அதை இந்த வருட விழாக் கணக்குக்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிடலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். 600 ரூபாய் கொடுத்தவர் இந்த விழாவுக்குத்தான் கொடுத்தார். பழைய பில்களை வைத்துப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, சங்கத்தின் பராமரிப்பு நிதியிலிருந்து அவருக்குக் கொடுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று தேதியோடு எழுதுங்கள். இதை டிசம்பர் வசூலுக்கு முன்னால் முடித்துவிட்டு, போன வருட வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ரசீதுப் புத்தகத்துடன் படி ஏறும்போது, போன வருடம் கொடுக்காத 48 வீடுகளில் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.